பிக்கா விரலா: ராக் பேஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பேஸ் வாசிக்கிறவர்கள் விரலிலிருந்து பிக்குக்கு மாறும்போது செய்கிற காரியங்களைப் பார்த்தால் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிடுகிறது. பாதி நானும் செய்தவைதான். பிக்கை இறுக்கிப் பிடிப்பது, தோளை விறைப்பாக வைத்துக்கொள்வது மாதிரியானவற்றைச் சொல்லப்போவதில்லை. கை வலித்தால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். வலிக்காத தவறுகள்தான் நீண்ட நாள் கூடவே இருக்கும்.

பிக்கின் ‘டிக்’ சத்தத்துக்குப் பயந்து டோன் நாபை மூடுவது

இது ஒன்றுதான் இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது, ஏனென்றால் காசும் நேரமும் இதில்தான் போகிறது.

பிக் கடினமானது, முனை குறுகலானது. தந்தியை ஒரு புள்ளியில் கூராக வளைத்துச் சட்டென்று விட்டுவிடும். வளைவு எவ்வளவு கூரோ, ஒலியில் மேல் ஹார்மோனிக்ஸ் அவ்வளவு அதிகம். விரல் நுனியோ அகலமான சதை. வளைவை மழுக்கி, தந்தியிலிருந்து மெதுவாக வழுக்கிப் போகும், அதனால் மேல் ஹார்மோனிக்ஸ் அடங்கி அடிநாதம் பெரிதாகக் கேட்கும். ஆக, பிக்கால் வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் ஒரு ‘டிக்’ இருக்கத்தான் செய்யும்.

வீட்டில் ஹெட்போன் மாட்டித் தனியாகக் கேட்டால் அந்த டிக் அசிங்கமாகத் தெரியும். உடனே கை டோன் நாபுக்குப் போகும். ஒரு தடவை நான் மிக்ஸ் செய்ய உட்கார்ந்த ஒரு பேண்டில் இதுதான் நடந்தது. இரண்டு கிட்டார், இரண்டிலும் கனமான டிஸ்டார்ஷன். பேஸ் வாசித்த தம்பி எல்லாப் பாட்டையும் பிக்கால் வாசித்திருந்தான், டோன் நாபை முழுக்க மூடிவைத்து. தனியாகப் போட்டுக் கேட்டால் கொழகொழவென்று சுகமாக இருந்தது. கிட்டார்களைத் திறந்ததும் பேஸைக் காணோம். கீழே ஏதோ உறுமுகிறது என்பது தெரிந்தது, எந்த ஸ்வரம், எப்போது தொடங்கியது என்பது தெரியவில்லை.

“அண்ணா, தனியா கேட்டா சூப்பரா இருக்கே?” என்றான். தனியா யார்தான் கேட்கப்போகிறார்கள்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 160 பீட். பேஸ் முழுக்க எட்டில் ஒரு பங்கு ஸ்வரங்கள், அதாவது ஒரு பீட்டுக்கு இரண்டு. ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது 0.19 வினாடிதான். திறந்த E தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அப்படியென்றால் அடுத்த ஸ்வரம் வருவதற்குள் அந்த அடிநாதம் ஏழெட்டு முறைதான் அதிர்ந்திருக்கும். அதே நேரத்தில் கிக் டிரம் வேறு கீழே இடித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவு குறைந்த அதிர்வில், அந்தச் சத்தத்துக்கு நடுவில், ஸ்வரம் எங்கே தொடங்கியது என்று காது கண்டுபிடிப்பது மேலே இருக்கிற அந்த டிக்கை வைத்துத்தான். அதை அவன் மூடிவிட்டான்.

மிக்ஸில் சரிசெய்யலாமே என்பீர்கள். முயன்றோம். பேஸிவ் பேஸில் டோன் நாபை முழுக்க மூடினால் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் சரசரவென்று சரிந்துவிடும். இது கருவிக்குள்ளேயே நடக்கிற வேலை, ஆம்புக்கோ ரெக்கார்டருக்கோ வருவதற்கு முன்பே போய்விடுகிறது. இல்லாத இடத்தில் ஈக்வலைஸரை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். கடைசியில் பேஸ் முழுவதையும் திரும்ப ரெக்கார்ட் செய்தோம். அதே கருவி, அதே பிக், டோன் நாப் மட்டும் முக்கால்வாசி திறந்திருந்தது.

டிக் உண்மையிலேயே அதிகமாக இருந்தால் முதலில் கையைப் பாருங்கள். பிக்கின் ஓரம் சாய்ந்து தந்தியில் பட்டால், சுற்றுக்கம்பியின் மேடுபள்ளத்தில் உரசி ‘சர்க்’ என்று கேட்கும். பல பேர் டிக் என்று திட்டுவது இந்த உரசலைத்தான். பிக்கைத் தந்திக்கு இணையாகத் தட்டையாக வையுங்கள், உரசல் போய்ச் சுத்தமான அடி மட்டும் நிற்கும். அப்புறம் கையைக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள், ஒலி உருண்டு வரும். பிரிட்ஜ் பக்கம் போனால் இறுகிக் கூர்மையாகும். பிக்கின் முனை விரல்களுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் பாருங்கள். கொஞ்சமாக நீட்டினாலே போதும், தந்திக்குள் ஆழமாகப் போய் மாட்டாது. இவ்வளவும் செய்த பிறகு, டிரம்ஸும் கிட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் டோன் நாபைத் தொடுங்கள்.

விரல் என்றால் மென்மை என்று நினைப்பது

அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸைக் கேளுங்கள். அந்தக் கணகணப்பைக் கேட்டுவிட்டுப் பிக் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. மனிதர் விரலால் வாசிக்கிறார், அதுவும் வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் தந்திகளில். தந்தியை ஓங்கி அடிக்கும்போது அது ஃப்ரெட்டில் மோதித் திரும்புகிறது, கணகணப்பு அங்கிருந்து வருகிறது. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கேரல் கே. 1960களில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் எக்கச்சக்கமாக வாசித்தவர், பிக்கால்தான். தந்திமேல் ஃபெல்ட் துண்டு வைத்து அடக்கியதால் ஒலி குட்டையாக, உருண்டையாக வரும். பிக்கா விரலா என்பது பாதிதான். எங்கே அடிக்கிறீர்கள், எவ்வளவு ஓங்கி, எதை வைத்து அடக்குகிறீர்கள் என்பது மீதி.

விரலில் தானாக நடந்த மியூட்டிங் பிக்கிலும் நடக்கும் என்று நம்புவது

விரலால் A தந்தியை இழுக்கும்போது விரல் போய் E தந்திமேல் சாய்ந்து நிற்கும். அதுவே E தந்தியை அடக்கிவிடும். கட்டைவிரலும் கூடவே உதவும். நீங்கள் கற்றுக்கொள்ளாமலே வந்த பழக்கம் இது. பிக்கை எடுத்த நிமிடமே இது இல்லாமல் போகிறது. D தந்தியில் வாசித்துக்கொண்டிருக்கும்போது கீழ்த்தந்திகளான E, A இரண்டும் தாமாக அதிரத் தொடங்கும், ஓவர்டிரைவ் போட்டிருந்தால் ஒரே குழம்பல். உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கீழ்த்தந்திகள்மேல் லேசாக வையுங்கள். மேல்தந்திகளை இடதுகை விரல்களின் அடிப்பகுதி பார்த்துக்கொள்ளும். சரியாக வந்திருக்கிறதா என்று தெரிய, ஒரு வரியை வாசித்து நடுவில் டக்கென்று நிறுத்துங்கள். ஏதாவது மிச்சமாக முனகினால் அடக்கவில்லை என்று அர்த்தம்.

பாட்டின் நடுவே மாறும்போது மீட்டரை நம்புவது

சரணத்தை விரலில் வாசித்துவிட்டுக் கோரஸில் பிக்குக்கு மாறினால் மீட்டர் மேலே குதிக்கும். காதில் பேஸ் மெலிந்து கேட்கும். பிக்கின் தொடக்க அடி உயரமானது, ஆனால் அதற்குப் பின்னால் வருகிற உடம்பு விரலளவுக்குக் கனமில்லை. மீட்டரைப் பார்த்துச் சத்தத்தைக் குறைத்தால் கோரஸ் பெரிதாக வேண்டிய இடத்தில் சிறுத்துப்போகும். ரெக்கார்டிங்கில் இரண்டையும் தனித்தனி ட்ராக்கில் வைத்து, காதால் கேட்டுச் சமன் செய்யுங்கள். மேடையில் பல நேரம் மாறவே வேண்டாம், விரல்களைப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி ஓங்கி வாசித்தாலே வேண்டிய கூர்மை கிடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் டவுன்ஸ்ட்ரோக்

எல்லா ஸ்வரத்தையும் கீழ்நோக்கியே அடிப்பது 160 பீட் வேகத்தில் முடியும். 200இல் மூன்றாவது பாட்டுக்குள் கை பின்தங்கும், மேல்கீழாக அடிக்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

மெல்லிய பிக்

வளைந்து தப்படிக்கும், டிக் மட்டும் மிஞ்சும். 1 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள்.