கை வீச்சில் ஸ்மியர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியிலிருந்து ஒரு தம்பி தன் 3D அனிமேஷன் ஷாட்டைக் காட்ட வந்திருந்தார். பத்து வயதுப் பையன் ஒருவன் பெங்களூரா மாமரத்தின் கீழே நின்று, கையிலிருக்கும் குச்சியைச் சுழற்றிக் காய்க்குலை மேல் எறிகிறான். ஓட விட்டுப் பார்த்தால் வேகம் இருந்தது. ஆனால் வீச்சின் நடுவில் ஏதோ ஒன்று பையனின் காதை வெட்டிக்கொண்டு போவதுபோல் ஒரு உறுத்தல். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினோம். வேகத்தைக் காட்டக் கையை வேண்டுமென்றே இழுத்து வைக்கும் ஸ்மியர் ஃப்ரேமில் கை ரப்பர் பட்டைபோல நேர்கோட்டில் இழுபட்டு, தலைக்குள்ளேயே புகுந்திருந்தது.

இந்த ஒரு ஷாட்டை வைத்தே பெரும்பாலான தவறுகளைச் சொல்லிவிடலாம்.

கணக்கு இதுதான். நொடிக்கு 24 ஃப்ரேம். 12-ஆம் ஃப்ரேமில் கை பின்னால் ஓங்கியிருக்கிறது. 15-இல் கை முன்னால் இறங்கி, குச்சி கையை விட்டுப் போய்விட்டது. இடையில் கை சுமார் 150 பாகை சுற்றுகிறது. 12-லிருந்து 13-க்கு 20 பாகை, 13-லிருந்து 14-க்கு 90, 14-லிருந்து 15-க்கு 40. தோளிலிருந்து உள்ளங்கை வரை அரை மீட்டர் என்று வைத்தால், அந்த 90 பாகையில் உள்ளங்கை கிட்டத்தட்ட 78 சென்டிமீட்டர் வளைவில் போகிறது. உள்ளங்கையின் அகலமோ எட்டு சென்டிமீட்டர்தான். ஒரு ஃப்ரேமில் இங்கே, அடுத்ததில் அங்கே, நடுவில் ஒன்றுமே இல்லை. கண்ணுக்குக் கை நகர்வதாகத் தெரியாது, விட்டுவிட்டு மின்னுவதாகத்தான் தெரியும். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் ஸ்மியர்.

அதனால் ஸ்மியர் வைக்கும் முன் அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கையின் இரண்டு உருவங்களும் கொஞ்சமாவது ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஸ்மியர் வேண்டாம். இந்த ஷாட்டில் 13-க்கும் 14-க்கும் நடுவில்தான் உண்மையான தேவை இருந்தது. 12-லிருந்து 15 வரை எல்லா ஃப்ரேமிலும் போட்டுவைத்தால் கை எப்போதும் குழைந்தே இருக்கும், வீச்சில் எலும்பே இருக்காது.

சரி, காதை வெட்டியது எப்படி? வட்டத்தில் 90 பாகை தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால், நடுவில் அந்தக் கோடு வளைவைவிடத் தோளுக்கு 15 சென்டிமீட்டர் நெருங்கி வருகிறது. கார்ட்டூன் பையனுக்குத் தலை வேறு பெரிது. பக்கவாட்டு கேமராவில் அந்த 15 சென்டிமீட்டர் அப்படியே முகத்தின் மேல் விழுகிறது. தம்பி பிளெண்டரில் லேட்டிஸ் என்ற புள்ளிக் கூண்டை வைத்துக் கையை இழுத்திருந்தார். புதிதாகச் சேர்க்கும் லேட்டிஸுக்கு ஒவ்வொரு திசையிலும் இரண்டு புள்ளிகள்தான் இருக்கும். இரண்டு புள்ளியை வைத்து நேராக இழுக்கத்தான் முடியும், வளைக்க முடியாது. வீச்சுத் திசையில் ஐந்து புள்ளிகளாக்கி, ஒவ்வொன்றையும் உள்ளங்கை போன பாதை மேல் உட்கார வைத்தோம். உறுத்தல் போய்விட்டது.

இதிலேயே இன்னொரு சறுக்கல் உண்டு. மாடிஃபையர் வரிசையில் லேட்டிஸ், எலும்புக்கூடான ஆர்மேச்சருக்கு மேலே இருந்தால், முதலில் இழுபட்ட கையை எலும்புகள் மறுபடி மடக்கும். நீங்கள் கேமராவில் பார்த்துப் பார்த்து வைத்த வடிவம் வேறெங்கோ திரும்பி நிற்கும். லேட்டிஸ் ஆர்மேச்சருக்குக் கீழே இருக்க வேண்டும்.

வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால் போனில் படம் எடுத்துப் பாருங்கள். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோப்பில் என் அக்கா மகனைக் குச்சி எறியச் சொல்லி எடுத்தேன். மர நிழலில் வெளிச்சம் குறைவாக இருப்பதால் போன் ஒவ்வொரு ஃப்ரேமையும் கொஞ்சம் நீட்டியே பதிவு செய்யும், கை நன்றாகவே இழுபடும். நிறுத்திப் பார்த்தால் தோள் கூர்மையாக இருக்கிறது, முழங்கை லேசாகக் கலங்கியிருக்கிறது, உள்ளங்கை ஒரு வெளிறிய விசிறி. நாம் செய்ய வேண்டியதும் அந்த விசிறிதான். தோளில் ஸ்மியர் பூஜ்யம், உள்ளங்கையில் முழு அளவு, நடுவில் படிப்படியாக. கை முழுவதையும் ஒரே அளவில் இழுத்தால் தோள் சட்டையை விட்டுக் கழன்று வரும். விசிறியின் முன்விளிம்பு 14-ஆம் ஃப்ரேமின் போஸிலேயே நிற்கட்டும், வால் மட்டும் 13-ஐ நோக்கிப் பின்னால் போகட்டும். முழு இடைவெளியையும் நிரப்பத் தேவையில்லை, பாதிக்கு மேல் கொஞ்சம் போனாலே மிச்சத்தைக் கண் சேர்த்துக்கொள்ளும். குச்சியை மறந்துவிடாதீர்கள். அதன் நுனி கையைவிட அதிக தூரம் போகிறது. குழைந்த கையின் முனையில் விறைப்பாக ஒரு குச்சி நின்றால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது கீ, எந்த ஃப்ரேமில் எவ்வளவு ஸ்மியர் என்று குறித்து வைப்பது. ஸ்மியரின் அளவுக்கு 12-இல் பூஜ்யம், 14-இல் ஒன்று, 16-இல் பூஜ்யம் என்று வைத்திருந்தார். அப்படியானால் 13-இலும் 15-இலும் பாதி ஸ்மியர் ஒட்டிக்கொண்டிருக்கும். எறிந்து முடித்த 15-ஆம் போஸ்தான் பார்ப்பவர் மனதில் நிற்கப்போவது, அது சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். 13-இலும் 15-இலும் பூஜ்யம் வையுங்கள். கிராஃபில் ஒரே ஒரு முள் தெரிய வேண்டும்.

ரெண்டரில் மோஷன் பிளர் போட்டிருந்தால் அந்த முள்ளே வம்பு. ஷட்டர் 0.5 என்றால் ஃப்ரேமுக்கு முன்னும் பின்னும் கால் கால் ஃப்ரேம் நேரத்தை எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. ஸ்மியர் முளைப்பதும் அடங்குவதும் அந்த நேரத்துக்குள் விழுந்து, ஏற்கெனவே இழுத்த கை மேல் இன்னொரு கலங்கல் ஏறும். நான் கதாபாத்திரத்துக்கு மட்டும் மோஷன் பிளரை அணைத்துவிடுவேன், பின்னணிக்கு இருக்கட்டும்.

அப்புறம் மல்டிபிள்ஸ், அதாவது ஒரே ஃப்ரேமில் கையின் பல நகல்கள். மாங்காய் எறிவதுபோல ஒரே திசை வீச்சுக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். திருவிழாவில் பம்பை அடிப்பவரின் குச்சிக் கை மாதிரி முன்னும் பின்னும் ஆடும் கைக்குத்தான் இது பொருந்தும். அங்கே ஸ்மியர் போட்டால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வால் திசை மாறி, கை கூழாகிவிடும். மல்டிபிள்ஸில் பெரிய தவறு, தோளிலிருந்து முழுக் கையையும் சம இடைவெளியில் நகலெடுப்பது. பம்பைக்காரர் பத்துக் கை அம்மனாகிவிடுவார். முழங்கைக்குக் கீழே மட்டும் இரண்டு நகல் போதும், பழையது மெலிந்து, விரல்கள் ஒன்றாகச் சேர்ந்து. இடத்தைக் கண்ணால் யூகிக்க வேண்டாம். இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவிலும் நிறுத்திப் பார்க்க உதவும் சப்ஃப்ரேமை இயக்கி, 31.5 போன்ற நேரத்தில் கை உண்மையில் எங்கே இருக்கிறதோ அங்கேயே நகலை வையுங்கள்.

நகலை மறைக்கும்போது `hide_viewport`-க்கு மட்டும் கீ வைத்துவிட்டு `hide_render`-ஐ மறப்பவர்கள் நிறைய. திரையில் எல்லாம் சரியாக ஓடும். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடி, காலையில் பார்த்தால் ஷாட் முழுக்க இரண்டு கைகள் அந்தரத்தில் தொங்கும். இரண்டுக்கும் சேர்த்தே கீ வைத்து, நகல் வரும் இடத்தில், 30 முதல் 33 வரை என்பதுபோல, நான்கே ஃப்ரேமை முதலில் ரெண்டர் செய்து பார்த்துவிட்டு அப்புறம் படுக்கப் போங்கள்.