கல்யாணத்தில் கொடுக்கும் சடங்குக் குறிப்புப் புத்தகம்: எங்கே தவறு நடக்கிறது

வேறு ஊர், வேறு சமூகத்து விருந்தினர்கள் நிறையப் பேர் வரும் கல்யாணங்களில் வாசலில் சின்னதாக ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும், இது என்ன சடங்கு என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் நான் பார்த்த பல புத்தகங்களை கையில் வைத்திருந்தவர்களே பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியிடம் "இப்ப என்ன நடக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அச்சிலோ தாளிலோ குறை இல்லை, எழுதிய விதத்தில்தான் குறை.

ஒரு கல்யாணத்தை வைத்துப் பார்ப்போம். பெண் சென்னை ஐயர் குடும்பம், மாப்பிள்ளை டெல்லி பஞ்சாபிக் குடும்பம், கல்யாணம் மயிலாப்பூர் பக்கம் ஒரு மண்டபத்தில், நம் முறைப்படி. மாப்பிள்ளை பக்கத்து ஆட்களுக்காகப் புத்தகம் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் அச்சாகும், வாசகத்தை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்.

முதல் தவறு, சடங்கின் பெயரையும் தத்துவத்தையும் எழுதிவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை எழுதாமல் விடுவது. "கன்னிகாதானம்: இது மிக உயர்ந்த தானம், இதனால் பெற்றோர் புண்ணியம் அடைகிறார்கள்" என்று போட்டால், அந்த நேரத்தில் மேடையைப் பார்ப்பவருக்கு அது எது என்றே தெரியாது, ஏனென்றால் மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏதோ நடந்துகொண்டேதான் இருக்கிறது. "பெண் அப்பாவின் மடியில் அமர்ந்திருப்பார். அப்பா அவர் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்க, அம்மா மேலே தண்ணீர் வார்ப்பார். இதுதான் கன்னிகாதானம்" என்று எழுதிப் பாருங்கள். தலை நிமிர்ந்து பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். அர்த்தம் சொல்ல வேண்டுமென்றால் அதற்குப் பிறகு ஒரு வரி போதும்.

காசி யாத்திரைக்கு இது இன்னும் முக்கியம். குடை, கைத்தடி, விசிறியோடு மாப்பிள்ளை மண்டபத்தை விட்டுக் கிளம்பிப் போகும்போது, தெரியாதவர்களுக்கு ஏதோ தகராறு என்றுகூடத் தோன்றும். "மாப்பிள்ளை சந்நியாசம் போவதாகக் கிளம்புவார், பெண்ணின் அப்பா தடுத்து அழைத்து வருவார்" என்பதோடு, "இது வாசலில் நடக்கும், பார்க்க விரும்புபவர்கள் வெளியே வாருங்கள்" என்றும் எழுத வேண்டும். இடத்தைச் சொல்லாததால் பாதிப் பேர் காலி மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது நேரம். 7.10 ஊஞ்சல், 7.35 கன்னிகாதானம் என்று ரயில் அட்டவணை மாதிரி போடாதீர்கள். அப்படி எந்தக் கல்யாணமும் நடப்பதில்லை, ஒரு இடத்தில் பிசகினால் படிப்பவர் அதற்குப் பிறகு எதையும் நம்ப மாட்டார். உறுதியாகப் போடக்கூடிய நேரம் முகூர்த்தம் ஒன்றுதான். மற்றதையெல்லாம் "ஊஞ்சல் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்தபின்" என்று ஒன்றோடு ஒன்று கோத்துவிடுங்கள். அந்த முகூர்த்த நேரமும் வாசலில் புத்தகத்தில் தெரிந்தால் பயனில்லை. அவர்கள் பக்கம் கல்யாணம் பெரும்பாலும் இரவில் நடக்கும், காலை பத்து மணிக்கு நிதானமாக வந்தால் போதும் என்று நினைப்பார்கள், அதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும். முதல் பக்கத்தைப் படமாக எடுத்து இரண்டு நாள் முன்னாலேயே போனில் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், விருந்தினர் என்ன செய்ய வேண்டும் என்பது. மஞ்சள் கலந்த அரிசியைக் கையில் கொடுத்தால் எதற்கென்று தெரியாமல் சிலர் பையில் போட்டுக்கொள்வார்கள், சிலர் மேளம் கொஞ்சம் உரக்கக் கேட்டதுமே தூவிவிடுவார்கள். தாலி கட்டும் பகுதிக்கு நான் எழுதுவது இப்படி: "சாஸ்திரிகள் கையை உயர்த்திச் சைகை செய்வார், நாதஸ்வரமும் தவிலும் வேகமாக உரக்க ஒலிக்கும். அப்போது எழுந்து நில்லுங்கள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார், மற்ற இரண்டு முடிச்சுகளை அவருடைய சகோதரி போடுவார். இந்தச் சமயத்தில்தான் கையிலுள்ள அரிசியை மேடையை நோக்கித் தூவ வேண்டும். வாழ்த்துச் சொல்ல இப்போது மேடை ஏற வேண்டாம், சடங்குகள் இன்னும் இருக்கின்றன." மேடையைச் சுற்றி உறவினரும் வீடியோக்காரரும் நின்று மறைத்துவிடுவதால், காதில் விழும் அடையாளம் இங்கே கட்டாயம் வேண்டும். இன்னொன்று, முடிச்சுப் போடப்போகும் சகோதரியும் டெல்லியிலிருந்து வருபவர்தானே? அவருக்கும் இந்தப் பக்கத்தை முன்பே காட்டி, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிவைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது சப்தபதிப் பக்கம். இணையத்தில் தேடினால் கிடைப்பதை அப்படியே எடுத்து "மணமக்கள் தீயை ஏழு முறை சுற்றி ஏழு உறுதிமொழி எடுப்பார்கள்" என்று போட்டுவிடுகிறார்கள். அது வட இந்திய வழக்கம், அங்கேயும் சில குடும்பங்களில் நான்கு சுற்றுதான். நம் முறையில் மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் வலது கால் விரலைப் பிடித்து ஏழு அடி எடுத்து வைக்கச் செய்கிறார். தீயை வலம் வருவது அதற்குப் பிறகு, அம்மி மிதித்துப் பொரியிடும்போது, அதுவும் மூன்று முறை. டெல்லிக்காரர்கள் ஏழு சுற்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், சப்தபதி அவர்கள் கண் முன்னாலேயே முடிந்து போயிருக்கும். காதல், விசுவாசம், சம உரிமை என்று தாங்களாகவே ஏழு வாக்குறுதி எழுதி, மந்திரத்தின் பொருள் இதுதான் என்று போடுவதும் சரியில்லை. மந்திரத்தில் வருவது உணவு, வலிமை, விரதம், இன்பம் என்று போகும், ஏழாவது அடிக்குப் பிறகு "என் தோழியாக இரு" என்று வரும். அதுவே அழகாகத்தான் இருக்கிறது. தம்பதியர் தாங்களாக எழுதிய உறுதிமொழி வேண்டுமென்றால் தனிப் பக்கத்தில் அவர்கள் பெயரிலேயே போடலாம்.

தாலி கட்டியதும் கல்யாணம் முடிந்தது என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். 1955 இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவே, சப்தபதி உள்ள முறையில் ஏழாவது அடி வைக்கும்போதுதான் திருமணம் முழுமையடைகிறது என்கிறது. "முடிந்தது" என்று படித்தவர் நேராகப் பந்திக்குப் போய்விடுவார், நம் ஆட்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அங்கேதான் இருப்பார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள், ஏழு அடியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்" என்று ஒரு வரி சேருங்கள்.

கடைசியாக, தெரிந்தவர் கல்யாணப் புத்தகத்தை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி அச்சடிப்பது. ஐயர் வீட்டுக்கும் ஐயங்கார் வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு, செட்டியார், முதலியார் வீட்டு முறைகள் இன்னும் வேறு, ஒரே சமூகத்திலும் சாஸ்திரிகளுக்குச் சாஸ்திரிகள் வரிசை கொஞ்சம் மாறும். நடத்தி வைக்கப்போகும் சாஸ்திரிகளிடம் வரிசையைச் சொல்லச் சொல்லி எழுதி, எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டியபின்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எதைச் சுருக்குவார், எதை முன்னால் வைத்துக்கொள்வார் என்பது அப்போதுதான் தெரியவரும். பிறகு, கல்யாணத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இதைப் படித்தால் எப்போது எழுந்து நிற்பாய், எப்போது அரிசி தூவுவாய்?" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் வரியைத் திருத்தினால் போதும். ஒரு சடங்குக்கு மூன்று நான்கு வரி, கண்ணாடி போடாமல் படிக்கும் அளவு எழுத்து, மடித்தால் சட்டைப் பையில் நுழையும் தாள். பந்தி எங்கே, கழிப்பறை எங்கே, செருப்பை எங்கே விடுவது என்பது பின் அட்டையில்.