மவுஸைத் தொடாமல் டாலியும் எக்செல்லும்: விண்டோஸ் கீயும் ரன் பெட்டியும்

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை முழுக்க டாலிக்கும் எக்செல்லுக்கும் மாறி மாறிப் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் கீபோர்டை விட்டுக் கை மவுஸுக்குப் போனால் எண்ணிக்கொண்டிருந்த தொகை தப்பிவிடுகிறது.

டாலியைத் திறந்து, டாஸ்க்பாரில் அதன் ஐகானை ரைட் கிளிக் செய்து `Pin to taskbar` கொடுங்கள். எக்செல்லுக்கும் இதையே செய்து, இரண்டையும் இழுத்து இடது ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். இனி விண்டோஸ் கீயோடு 1 அழுத்தினால் டாலி, 2 அழுத்தினால் எக்செல். ஸ்டார்ட், தேடல் இரண்டும் கணக்கில் சேராது. அவற்றை அடுத்து வருவதுதான் 1. பத்தாவது ஐகானுக்கு 0.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நாள் முழுக்க தொகை அடிக்கிற கை, தானாக வலப்பக்க நம்பர் பேடுக்குப் போகும். அங்கே 2 அழுத்தினால் எதுவும் நடக்காது. ஐகானை எடுத்துவிட்டு மறுபடி பின் செய்து பார்த்தேன், கீபோர்டையே மாற்றிப் பார்த்தேன். எழுத்துகளுக்கு மேலே இருக்கும் எண் வரிசைதான் இதற்கு வேலை செய்யும். இடது கையின் ஒரு விரல் விண்டோஸ் கீயில், இன்னொரு விரல் எண்ணில். வலது கை நம்பர் பேடிலேயே இருக்கட்டும்.

எக்செல்லில் இரண்டு பைல் திறந்திருந்தால்? பக்கத்துக் கடைத் தம்பி கேட்டான். விண்டோஸ் கீயை விடாமல் 2-ஐத் திரும்பத் திரும்பத் தட்டினால் ஒவ்வொன்றாக மாறும். ஷிப்டையும் சேர்த்து அழுத்தினால் புதிதாக ஒரு எக்செல் திறக்கும்.

நாலைந்து புரோகிராமுக்கு மேல் எண்களை நினைவில் வைப்பது சிரமம். மீதிக்கு நான் நம்புவது ரன் பெட்டியைத்தான். விண்டோஸ் கீயும் R-உம் அழுத்தி, `calc` என்று அடித்து என்டர் தட்டினால் கால்குலேட்டர் வரும். நம் சொந்த போல்டருக்கும் இப்படி ஒரு குட்டிப் பெயர் வைக்கலாம். ரன் பெட்டியில் இதை அடியுங்கள்:

```
%userprofile%
```

திறக்கும் போல்டரில் காலியான இடத்தில் ரைட் கிளிக், `New`, `Shortcut`. அது கேட்கும் இடத்தில் பில் போல்டரின் முகவரியைக் கொடுங்கள். என்னுடையது `D:\Bills`. அடுத்து பெயர் கேட்கும்போது அதுவே ஒன்றை எழுதி வைத்திருக்கும். அதை அழித்துவிட்டு `b` என்று மட்டும் அடித்து `Finish` கொடுங்கள். இனி ரன் பெட்டியில் `b`, என்டர், அவ்வளவுதான்.

பெயர் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், ஷார்ட்கட் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தம்பி அதை டெஸ்க்டாப்பில் வைத்திருந்தான். ரன் பெட்டி அங்கே தேடாது. மேலே சொன்ன போல்டருக்கு மாற்றியதும் திறந்துவிட்டது.