நாய் என்றால் விசுவாசமா? ஓவியத்தைக் குறிகளாக வாசிக்கும்போது விடுகிற பிழைகள்

ஓவியத்தில் இருப்பதைக் குறிகளாக எடுத்து, அவற்றில் அர்த்தம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்பது குறியியல். அதை எடுத்ததும் நிறையப் பேர் செய்வது ஒன்றுதான். ஓவியத்தில் இருக்கிற பொருட்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு அர்த்தம் போட்டுவிடுவார்கள்: நாய் என்றால் விசுவாசம், மெழுகுதிரி என்றால் கடவுள், பச்சை என்றால் நம்பிக்கை. திருகோணமலையில் உயர்தரத்துக்குச் சித்திரம் எடுக்கிற பிள்ளைகளின் கட்டுரைகளிலும் இதைப் பார்க்கிறேன், முகநூலில் பெரிய ஆக்கள் எழுதுகிற விமர்சனங்களிலும் பார்க்கிறேன். இப்படி எழுதினால் அது அகராதி, வாசிப்பு ஆகாது. ஒரு குறிக்குத் தனியாக மதிப்பு இல்லை, தன்னுடைய தொகுதியில் இருக்கிற மற்றக் குறிகளில் இருந்து அது எப்படி வேறுபடுகிறதோ அதில்தான் மதிப்பு பிறக்கிறது என்பது மொழியியலாளர் சொசூர் மொழியைப் பற்றிச் சொன்னது. அந்த "தொகுதி" என்பதை விட்டுவிட்டால் குறியியலில் மிச்சம் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு ஓவியத்தை வைத்தே இதைப் பார்ப்போம். யான் வான் எய்க் 1434 இல் வரைந்த ஆர்னோல்ஃபினி ஓவியம், இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஓர் அறை, ஓர் ஆண், ஒரு பெண், இரண்டு பேரும் கை கொடுத்தபடி நிற்கிறார்கள். நடுவில் கீழே ஒரு சின்ன நாய். பின்சுவரில் குவிந்த கண்ணாடி, அதற்கு மேலே "யான் வான் எய்க் இங்கே இருந்தார், 1434" என்று லத்தீனில் எழுத்து. மேலே பித்தளைச் சரவிளக்கில் ஒரே ஒரு மெழுகுதிரி எரிகிறது, அதுவும் பகல் வெளிச்சத்தில். ஜன்னல் பக்கம் தோடம்பழங்கள், வலது பக்கம் சிவப்புக் கட்டில். கழற்றிவிட்ட மரச்செருப்பு ஒரு சோடி இடது மூலையில்.

முதல் பிழை இங்கேயே நடக்கிறது. படத்தைக் காட்டினால் பத்தில் ஒன்பது பேர் "பெண் கர்ப்பமாக இருக்கிறாள்" என்றுதான் தொடங்குவார்கள். அது ஏற்கனவே ஒரு முடிவு. வடிவாகப் பார்த்தால் அங்கே இருப்பது, நிலத்தில் புரளுகிற அளவுக்கு நீளமான பச்சை அங்கியின் துணியை அவள் அள்ளி வயிற்றுக்கு முன்னால் பிடித்திருக்கிறாள் என்பது மட்டும்தான். இதைக் கர்ப்பம் என்று வாசிக்கலாமா என்று தெரிய வேண்டுமென்றால் படத்தை விட்டு வெளியே வந்து, அதே காலத்தில் அதே குறி வேறு எங்கே வருகிறது என்று தேட வேண்டும். வான் எய்க்கே 1437 இல் வரைந்த, இப்போது டிரெஸ்டனில் இருக்கிற மூன்று மடிப்பு ஓவியத்தில் கன்னிப் புனிதை கத்தரீனாவுக்கும் இதே வயிற்று உருவம் இருக்கிறது. அவளைக் கர்ப்பிணியாக யாரும் வரைய மாட்டார்கள். ஆகவே அது அந்தக் காலத்துப் பெண் உருவத்துக்கும் உடுப்புக்கும் உரிய வழக்கம். பிரெஞ்சு விமர்சகர் ரோலண் பார்த் சொன்ன இரண்டு படிகளில், கண்ணுக்குத் தெரிகிற நேர்ப்பொருளை முடிக்காமல், வழக்கம் அதன்மேல் ஏற்றுகிற உட்பொருளுக்குத் தாவினால் இதுதான் நடக்கும்.

அடுத்தது நம்முடைய வழக்கத்தை நமக்கே தெரியாமல் படத்துக்குள் கொண்டுபோவது. இதற்கு ஒரு உள்ளூர் உதாரணம் சொன்னால் உடனே விளங்கும். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால் கோணேஸ்வரத்துக்குப் போகிற வீதியில் புள்ளிமான்கள் ஆக்களோடு ஆக்களாக நிற்கிறதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். யாரோ அந்த வீதியை மானோடு வரைந்தால், எங்களுக்கு அது இடத்தைச் சொல்கிற அடையாளம், அவ்வளவுதான். வெளியூர்க்காரர் ஒருவர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இராவணன் வெட்டு வேறு இருக்கிறது என்று கேள்விப்பட்டால், மாயமான், மாரீசன் என்று நான்கு பந்தி எழுதிவிடுவார். மான் மாறவில்லை, வாசிக்கிற விதிதான் மாறியது. அதேபோல கழற்றிய செருப்பைக் கண்டதும் எங்களுக்குக் கோயில் வாசல் ஞாபகம் வரும். இந்தப் படமே ஒரு திருமணச் சாட்சிப் பத்திரம் என்று 1934 இல் கட்டுரை எழுதிய கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கியும், பைபிளை வைத்து, அதைப் புனித நிலத்தின் குறியாகத்தான் வாசித்தார். ஆனால் அந்த மரச்செருப்பு தெருச் சேற்றுக்காகக் காலணிக்கு மேலே போடுவது, வீட்டுக்குள் வந்தால் கழற்றுவதுதான் வழக்கம். புனிதம் என்கிற அர்த்தம் இருக்கவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் செருப்பு மட்டும் போதாது, அதைத் தாங்குகிற வேறு குறிகளும் படத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது பிழை, எல்லாக் குறியையும் ஒரே வகையாக நடத்துவது. அமெரிக்கத் தத்துவவாதி பியர்ஸின் பிரிப்பு இங்கே உண்மையாகவே உதவும். சாயலால் குறிப்பது ஐகன், காரணத் தொடர்பால் சுட்டுவது இண்டெக்ஸ், வழக்கத்தால் அர்த்தம் பெறுவது சிம்பல். தோடம்பழம் அந்தக் குளிர் நாட்டில் தெற்கில் இருந்து கப்பலில் வரவேண்டிய விலை கூடிய பழம், ஆகவே வீட்டில் காசு இருக்கிறது என்பதன் இண்டெக்ஸ். அதையே ஏதேன் தோட்டத்துக் கனி என்று சொன்னால் அது சிம்பல். முதலாவதற்குச் சந்தை விலையும் வணிகமும் ஆதாரம், இரண்டாவதற்கு அந்தக் காலத்துச் சமயப் படங்களில் அப்படி வந்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே செரி மரம் காய்த்திருக்கிறது, அதாவது கோடை, உள்ளே இரண்டு பேரும் உரோமம் வைத்த கனத்த உடுப்போடு நிற்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்து வைக்கும்போதுதான் "இது வசதியைக் காட்டப் போட்ட உடுப்பு" என்கிற வாசிப்பு பலப்படுகிறது.

இப்போது தொகுதியாக வாசிப்பது எப்படி என்பதற்கு வருவோம், பலரும் தொடாமல் விடுகிற பகுதி இதுதான். பொருட்களை எண்ணாமல், எதிரெதிராக என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஆண் இருப்பது ஜன்னல் பக்கம், பெண் இருப்பது கட்டில் பக்கம். எரிகிற மெழுகுதிரி ஆண் பக்கம், பெண் பக்கத்துத் தாங்கி வெறுமை. கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிக் கிறிஸ்துவின் பாடுகள் பத்து வட்டங்களில் இருக்கின்றன, ஆண் பக்கத்தில் அவர் உயிரோடு இருக்கிற காட்சிகள், பெண் பக்கத்தில் மரணமும் உயிர்ப்பும். கலை வரலாற்றாளர் மார்கரெட் கோஸ்டர் 2003 இல் இதையெல்லாம் கோர்த்து, படத்தில் இருக்கிற பெண், அந்த ஆணின் 1433 அளவில் ஏற்கனவே இறந்துபோயிருந்த மனைவி கொஸ்தான்சா ட்ரென்டாவாக இருக்கலாம் என்றார். நாயும் அங்கே இடம் மாறிவிடுகிறது, ஏனென்றால் அந்தக் காலத்துக் கல்லறைச் சிற்பங்களில் பெண்களின் காலடியில் நாய் படுத்திருக்கும். அதே நாய், பக்கத்தில் வேறு குறிகள், அர்த்தம் வேறு. மெழுகுதிரியை மனதுக்குள் பெண் பக்கத்துத் தாங்கிக்கு மாற்றிப் பாருங்கள், இந்த வாசிப்பு உடனே ஆட்டம் காணும். நாயை எடுத்துவிட்டுப் பாருங்கள், பெரிதாக ஒன்றும் குலையாது. எந்தக் குறி பாரம் தூக்குகிறது, எது சும்மா கூட நிற்கிறது என்று இந்த மாற்றிப் பார்க்கிற சோதனைதான் காட்டும்.

சரி, அப்போ கோஸ்டர் சொன்னதுதான் முடிவா? அப்படியும் எழுதக்கூடாது. அகச்சிவப்புப் படங்களில் வர்ணத்துக்குக் கீழே தெரிகிற அடிக்கோட்டு வரைபில் நாயும் சரவிளக்கும் இல்லை, ஓவியர் பிறகுதான் சேர்த்திருக்கிறார். முதல் நாளே எல்லாக் குறியையும் திட்டம் போட்டு ஒளித்துவைத்தார் என்கிற கதைக்கு இது இடைஞ்சல். ஆனால் பிறகு சேர்த்த பொருள் அர்த்தமில்லாதது என்றும் ஆகாது, வேண்டுமென்றே சேர்த்திருக்கலாம் அல்லவா. ஆகவே கட்டுரையில் "ஓவியர் இதைத்தான் நினைத்தார்" என்கிற வசனத்தை வெட்டிவிட்டு, "இந்த இந்தக் குறிகள் சேர்ந்து நிற்பதால் இப்படி வாசிக்க இடமுண்டு" என்று எழுதி, எந்தக் குறி அதற்கு எதிராக நிற்கிறது என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். செல்வத்தைப் பற்றிய வாசிப்புக்கு எதிராக இந்தப் படத்தில் ஒன்றும் இல்லை. திருமணம், மரணம் என்கிற இரண்டுக்கும் இருக்கிறது.