உட்கார்ந்தால் இடி, படுத்தால் அமைதி: சிசேரியன் தலைவலியில் நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

எங்கள் வரிசையில் நான்காவது வீட்டுக்கு மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். இரண்டாவது பிள்ளை, இரண்டாவது சிசேரியன். செவ்வாய்க்கிழமை ஈப்போவில் ஆபரேஷன், வியாழக்கிழமை மத்தியானம் வீடு. சுங்கை சிப்புட்டுக்கு வரும் வழியெல்லாம் காரின் பின்சீட்டில் படுத்தே வந்திருக்கிறாள். தையல் வலி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை காலையில் அவள் அம்மா என் வாசலில் வந்து நின்றார்.

"மிஸி, மகளுக்குத் தல பொளக்குதாம். எந்திரிச்சி உக்காந்தா கண்ணத் தொறக்க முடியல. ஈரத் தலையோட இருந்ததாலன்னு நெனைக்கிறேன்."

பல வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே நின்றவள் நான். தோட்டத்துச் சனங்களுக்கு வேலையை விட்ட பிறகும் நான் மிஸிதான். போய்ப் பார்த்தேன். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அறை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, நெற்றியில் சுக்குப் பற்று. கட்டிலோரத்தில் உட்கார்ந்து பாலூட்டிக்கொண்டிருந்தாள், கண்ணீர் பிள்ளையின் தொப்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு, தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் நெற்றிச் சுருக்கம் விரிந்தது. "இப்ப இல்லக்கா," என்றாள். திரும்ப உட்கார வைத்தேன். நூறு எண்ணுவதற்குள் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஈரத் தலைக்கும் இந்த வலிக்கும் சம்பந்தமில்லை. எழுந்தால் வந்து படுத்தால் போவதுதான் முதுகு ஊசித் தலைவலியின் கையெழுத்து.

நம் மூளையும் தண்டுவடமும் ஒரு உறைக்குள், தெளிந்த நீரில் மிதக்கின்றன. பெரியவர்களுக்கு அந்த நீர் ஏறக்குறைய 150 மில்லி. சிசேரியனுக்கு ஸ்பைனல் என்ற முதுகு ஊசி போடும்போது, தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே, இடுப்பு முதுகில், ஊசி அந்த உறையைத் துளைத்து உள்ளே போகிறது. இரண்டு இரண்டரை மில்லி மருந்துதான் போடுவார்கள். ஊசியை எடுத்த பிறகு அந்தப் பொட்டுத் துளை தானாக மூட வேண்டும். சிலருக்கு உடனே மூடுவதில்லை, நீர் உறைக்கு வெளியே கசிகிறது. நிமிர்ந்து உட்காரும்போது கீழே தாங்கும் நீர் போதாமல் மூளை ஒரு நூலளவு இறங்கி, மேலே பிடித்திருக்கும் சவ்வுகளை இழுக்கிறது. குறைந்த நீரின் இடத்தை நிரப்ப இரத்தக் குழாய்களும் விரிகின்றன. இரண்டும் சேர்ந்துதான் அந்த வலி. படுத்தால் இழுவை தளர்கிறது. வலி பெரும்பாலும் ஊசி போட்ட மூன்று நாளுக்குள் ஆரம்பிக்கும். கழுத்து விறைப்பும் குமட்டலும் கூட வரலாம். காதில் பஞ்சு அடைத்தாற்போல் இருக்கிறது என்பார்கள் சிலர். இவளுக்கும் அப்படித்தான், பிள்ளை அழுவது தூரத்தில் கேட்பதுபோல் இருந்ததாம்.

இது புதிய வியாதியல்ல. 1898-இல் முதுகு ஊசி மயக்கத்தைச் செய்து காட்டிய ஜெர்மன் டாக்டர் ஆகஸ்ட் பியர், தன் முதுகிலேயே அதைச் சோதிக்கச் சொல்லி, நீர் ஒழுகி, நாள்கணக்கில் படுத்தே கிடந்தார். எழுந்தால் வலி, படுத்தால் இல்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த வீட்டில் நடந்த முதல் தவறு, ஆஸ்பத்திரியிலேயே சொல்லாதது. வியாழன் காலையிலேயே லேசாகத் தொடங்கிவிட்டதாம். சொன்னால் வீட்டுக்கு விட மாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். அங்கே சொல்லியிருந்தால் ஊசி போட்ட டாக்டரே வந்து பார்த்திருப்பார்.

இரண்டாவது, தண்ணீர். பச்சை உடம்புக்காரி தண்ணி குடித்தால் வயிறு ஊதும் என்று ஒரு நாளைக்கு மூன்று சின்னக் குவளை வெந்நீர்தான் கொடுத்திருக்கிறார்கள். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுறாப்புட்டு எல்லாம் இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பாலூட்டுகிற தாயை வறள விட்டால் இந்தத் தலைவலி இன்னும் வாட்டும். அதற்காகக் குடம் குடமாகக் குடித்தால் துளை மூடிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். தாகத்துக்குத் தாராளமாகக் குடித்தால் போதும்.

மூன்றாவது தவறுக்கு நான் வீட்டாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், ஒரு காலத்தில் நாங்களே செய்ததுதான். ஸ்பைனல் போட்டவளைத் தலையணை இல்லாமல் ஒரு நாள் முழுக்க அசையாமல் படுக்கப் போட்டால் தலைவலி வராது என்று நம்பினோம். அது தடுப்பதில்லை. வலி வந்த பிறகு படுத்தால் சுகம், அவ்வளவுதான். மாறாக, பிள்ளை பெற்றவள் நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து கூடுகிறது. கழிவறைக்கு எழுந்து போகட்டும், பாலை ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கட்டும்.

எல்லாத் தலைவலியையும் ஊசி தலையில் கட்டுவது இதற்கு நேர் எதிர்த் தவறு, இதுதான் ஆபத்தானதும்கூட. பிள்ளை பெற்ற பிறகும் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம், மூளையின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம். அதனால் நான் முதலில் எடுத்தது பிரஷர் கருவி. 118/76, காய்ச்சல் இல்லை, பார்வை தெளிவு, கைகால் பலம் சரி. 140/90-ஐத் தொட்டாலோ, படுத்தும் வலி குறையாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ, காய்ச்சல், வலிப்பு, அரைமயக்கம், ஒரு பக்கம் மரத்துப்போவது என்று எது இருந்தாலும் பத்தியமும் பார்க்க வேண்டாம், நல்ல நேரமும் பார்க்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவு. முதலில் உட்கார்ந்தால் மட்டும் வலித்தது, இப்போது படுத்தாலும் விடாமல் வலிக்கிறது என்றாலும் அப்படித்தான். அபூர்வமாக மூளைக்கு மேல் இரத்தம் கசியும்போது வலி இப்படிக் குணம் மாறும்.

இவளிடம் அந்த அறிகுறி எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பாராசிட்டமால் மாத்திரை உறையோடு அலமாரியில் இருந்தது. "இங்கிலீஷ் மருந்து பாலுக்கு ஆகாது" என்று அத்தை எடுத்து வைத்துவிட்டாராம். பாராசிட்டமாலும், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு ஐபுபுரோஃபெனும் பாலூட்டும்போது போடக்கூடியவைதான். நேரத்துக்குப் போட வேண்டும், வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. வெறுங்கோப்பி இரண்டு கப் வரை குடிக்கலாம் என்றேன். கோப்பியில் இருக்கும் கஃபீன் விரிந்த குழாய்களைச் சுருக்கும், சில மணி நேரம் தெம்பு தரும். துளையை அது மூடாது. அளவு மீறினால் பிள்ளைக்குத் தூக்கம் போகும்.

பலருக்கு இவ்வளவிலேயே ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். ஆனால் இவளால் சோறு தின்னும் நேரம்கூட உட்கார முடியவில்லை. அதற்கு இரண்டு வாரம் காத்திரு என்று சொல்வது நியாயமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள்.

அங்கே செய்தது பிளட் பேட்ச், அவள் இரத்தத்தாலேயே போடும் ஒட்டு. காய்ச்சலும் இரத்தம் உறைவதில் கோளாறும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு டாக்டர் முதுகில் உறைக்கு வெளியே உள்ள இடைவெளிவரை ஊசியைக் கொண்டுபோய் நிறுத்துவார். இன்னொருவர் கையிலிருந்து கிருமி படாமல் இரத்தம் எடுத்துக் கொடுப்பார். பதினைந்து இருபது மில்லியை மெல்லச் செலுத்துவார்கள், முதுகில் அழுத்தமாக வலித்தால் நிறுத்திவிடுவார்கள். அந்த இரத்தம் முதலில் உறையை வெளியிலிருந்து அமுக்கி உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறது, பிறகு உறைந்து துளைக்கு மேல் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மணி நேரம் படுக்க வைத்துவிட்டு எழுந்து உட்காரச் சொன்னார்களாம். பயந்து பயந்து எழுந்தவள், "காது தொறந்துடுச்சி" என்றுதான் முதலில் சொன்னாள் என்று அவள் அம்மா சொன்னார். எல்லாருக்கும் ஒரே தடவையில் சரியாகும் என்று சொல்ல முடியாது, சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும். முதுகு வலி சில நாள் இருக்கும். அந்த நாட்களில் குனிந்து வாளி தூக்குவதும் முக்கி மலம் கழிப்பதும் வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, கால் பலமிழந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ உடனே திரும்பிப் போக வேண்டும்.

தொட்டில் போட்ட அன்று பார்க்கப் போனேன். "அடுத்தது வந்தா முழு மயக்கமே கேட்டுடுறேன்க்கா. இந்த ஊசியே வேணாம்," என்றாள். அத்தையும், "ஆமா, தூங்கிட்டா ஒண்ணும் தெரியாது. முதுகுல குத்துனா சாகுற வரைக்கும் இடுப்பு வலி," என்றார். தோட்டத்தில் பாதிப் பேர் சொல்வது இதுதான்.

இடுப்பு வலியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசி குத்திய இடம் சில நாள் நோகும். வருஷக்கணக்கில் வரும் வலிக்கு ஸ்பைனல் காரணமென்று காட்ட முடிந்ததில்லை. பிள்ளையைச் சுமந்த முதுகு, ஊசி போடாமல் பெற்றாலும் வலிக்கும்.

முழு மயக்கம் தூங்கி எழுவது போலல்ல. கர்ப்பிணியின் தொண்டை வீங்கியிருக்கும், மூச்சுக்குழாயில் டியூப் போடுவது சிரமம். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். மயக்க மருந்து பிள்ளைக்கும் கொஞ்சம் போகும். மயக்க வாயு கருப்பையைத் தளர்த்துவதால் இரத்தப்போக்கும் கூடலாம். ஸ்பைனலில் அம்மா விழித்திருப்பாள், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பாள். தொடுவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியக் கூடாது, தெரிந்தால் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். பிரஷர் இறங்கி குமட்டும், அதற்கு மருந்து கையிலேயே வைத்திருப்பார்கள். தொப்புள்கொடி முன்னால் இறங்கிவிட்டது, இரத்தம் கொட்டுகிறது, தட்டணுக்கள் மிகக் குறைந்துவிட்டன, இரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டிருக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் முழு மயக்கம்தான் சரி, அப்போது வாதாடக் கூடாது. ஸ்பைனல் சரியாகப் பிடிக்காவிட்டாலும் அதற்குத்தான் மாற வேண்டிவரும். அதனால்தான், "முதுகு ஊசிதானே" என்று ஆபரேஷனுக்கு முன் பிளாஸ்கில் மைலோ கொண்டுவந்து ரகசியமாகக் கொடுப்பது அவ்வளவு பெரிய தவறு. மைலோ வெறும் தண்ணீரல்ல, சாப்பாட்டுக் கணக்கு.

"எத்தன தடவ குத்துனாங்க?" என்று கேட்டேன்.

"மூணு தடவ. எனக்கு வளையத் தெரியல. ஒரு தடவ திடுக்குன்னு அசஞ்சிட்டேன்."

குத்து கூடக்கூடத் தலைவலிக்கான வாய்ப்பும் கூடும். ஊசியின் தடிமனும் முனையும் அதைவிட முக்கியம். எண் கூடினால் ஊசி மெலிது. இன்று சிசேரியனுக்கு எடுப்பது பெரும்பாலும் 25 அல்லது 27, பென்சில் போல் கூம்பிய முனை. அது உறையின் இழைகளை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். அதில் தலைவலி நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. பிரசவ வலிக்குப் போடும் எபிடூரல் ஊசி தடிமனானது, உறைக்கு வெளியே நிற்க வேண்டியது. அது தவறிப்போய் உறையைத் துளைத்தால்தான் பாதிப் பேருக்கு மேல் தலைவலி வரும்.

ஒரு தடவை வந்தது என்பதற்காக அடுத்த தடவை ஸ்பைனலை ஒதுக்க வேண்டியதில்லை. மயக்க மருந்து டாக்டர் பார்க்க வரும்போது, முன்பு தலைவலி வந்ததையும் பிளட் பேட்ச் போட்டதையும் அவளே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஊசி போடும் நேரம் தலையணையைக் கட்டிப்பிடித்து, தாடை நெஞ்சைத் தொட, வெட்டிப்போட்ட இறால் மாதிரி முதுகை வளைக்க வேண்டும். கட்டிலில் உட்கார வைத்து அவளுக்கு அதைக் காட்டிக் கொடுத்தேன். இரண்டாம் முறை சரியாக வளைந்தாள்.