முகம் மட்டும் மாற, மற்றதெல்லாம் அப்படியே இருக்க: இன்பெயின்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்பெயின்டிங்கில், அதாவது மாஸ்க் போட்ட இடத்தை மட்டும் டிஃப்யூஷன் மாடலை வைத்துத் திரும்ப வரைவதில், முகம் மாற்றப் பழகுகிறவர்கள் அனுப்பும் படங்களில் ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. முகம் மாறியிருக்கும். கூடவே சட்டைக் காலரும் மாறியிருக்கும், காதுக்குப் பின்னால் இருந்த சுவரும் வேறாகியிருக்கும். பழகிய காலத்தில் எல்லோரும் விழுந்த பள்ளம்தான் இது, நானும் சேர்த்து. மாஸ்கைத் தலைகீழாகப் போடுவது, தவறான மாடலை ஏற்றுவது போன்றவை முதல் முயற்சியிலேயே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். நேரத்தைத் தின்பவற்றை மட்டும் பார்ப்போம்.

## சூழலைக் காட்டுவதற்காக மாஸ்கைப் பெரிதாக்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். புது முகம் கழுத்தோடு ஒட்டவில்லை, ஒளி பொருந்தவில்லை. உடனே "மாடலுக்குச் சுற்றுப்புறம் தெரியவில்லை போலிருக்கிறது" என்று மாஸ்கைத் தலைமுடி, கழுத்து, தோள் வரை இழுத்துவிடுகிறார்கள். காரணத்தைச் சரியாகத்தான் ஊகிக்கிறார்கள். மருந்துதான் தப்பு.

மாஸ்க் என்பது மாடல் எதை மாற்றலாம் என்பதற்கான அனுமதி. மாடல் எதைப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பேடிங். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தால், நீங்கள் காட்ட நினைத்த சூழலையே அழிக்கவும் அனுமதி கொடுத்துவிடுகிறீர்கள்.

அண்மையில் ஒரு நண்பர் கொண்டுவந்த படத்தையே எடுத்துக்கொள்வோம். 1536×1024 அளவுள்ள புகைப்படம். கம்பி போட்ட சன்னல் ஓரம் ஒரு பெண் நிற்கிறார், கோடு போட்ட சட்டை, இடது பக்கத்திலிருந்து வெளிச்சம். முகம் சுமார் 140 பிக்சல் அகலம், 180 பிக்சல் உயரம். அவர் முடி, கழுத்து, காலரின் பாதி, சன்னலின் ஒரு மூலை எல்லாவற்றையும் மாஸ்கில் சேர்த்து, முழுப் படத்தையும் மாடலுக்குக் கொடுக்கும் Whole picture தேர்ந்து, 0.75 ஸ்ட்ரெங்தில் ஓட்டியிருந்தார். சன்னல் கம்பி ஒன்று பாதியில் வளைந்து நின்றது. காலரின் கோடுகள் தோளில் இருந்த கோடுகளோடு சேரவில்லை. அவ்வளவு இடத்தைக் கொடுத்தும் கண்கள் மட்டும் குழைந்து கிடந்தன.

கண்கள் ஏன் குழைந்தன? மாடல் வேலை செய்வது பிக்சல்களில் இல்லை, லேட்டன்டில். அவர் வைத்திருந்த SDXL-இல் ஒவ்வொரு 8×8 பிக்சலும் ஒரு கட்டமாகச் சுருங்குகிறது. முழுப் படமாக ஓட்டும்போது அந்த முகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 17×22 கட்டங்கள். 30 பிக்சல் அகலமுள்ள கண்ணுக்கு நான்கே கட்டம். அதற்குள் இமையும் கருவிழியும் ஒழுங்காக வராது. மாஸ்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதே படத்தை AUTOMATIC1111-இல் இப்படி மாற்றினோம்:

```
Inpaint area: Only masked
Only masked padding, pixels: 96
Masked content: original
Mask blur: 4
Width x Height: 1024 x 1024
Denoising strength: 0.5
```

மாஸ்கைப் புருவத்துக்குச் சற்று மேலிருந்து மோவாய்க்குச் சற்றுக் கீழ்வரை மட்டும் வரைந்தோம், சுமார் 160×200. தாடையின் இரு பக்கமும் பத்து பிக்சல் வெளியே வழிய விட்டோம். புது முகத்தின் தாடை ஒடுங்கியிருந்தால், பழைய தாடை இருந்த இடத்தைப் பின்னணியால் நிரப்ப மாடலுக்கு அந்த ஓரம் வேண்டும்.

Only masked என்றால் மாஸ்கைச் சுற்றியுள்ள செவ்வகத்தைப் பேடிங்கோடு வெட்டி எடுத்து, கொடுத்த அளவுக்குப் பெரிதாக்கி, வேலையை முடித்து, திரும்பச் சுருக்கி ஒட்டும். இங்கே 96 பேடிங்கோடு வெட்டு, சதுரமாக்கப்பட்டு, ஏறக்குறைய 392×392 ஆனது. அது 1024-க்குப் பெரிதானபோது முகம் 470 பிக்சல் உயரம் பெற்றது, கண்ணுக்குப் பத்துக் கட்டம் கிடைத்தது. தோள், கழுத்து, சன்னல் வெளிச்சம் எல்லாம் மாடலின் பார்வைக்குள் இருந்தன. ஆனால் எதையும் தொட அதற்கு அனுமதி இல்லை. கம்பி நேராக இருந்தது, காலர் அப்படியே இருந்தது, மூக்கின் நிழலும் சரியான பக்கம் விழுந்தது.

பேடிங்குக்கும் எல்லை உண்டு. வழக்கமாக வரும் 32-ஐ அப்படியே விட்டிருந்தால் வெட்டு 264×264 தான்; முகம் இன்னும் பெரிதாக, 700 பிக்சல் உயரத்துக்கு வந்திருக்கும். ஆனால் தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அதிகம் தெரியாது, தலை கழுத்தின் மேல் தனியாக வைத்தது போல் ஆகிவிடலாம். 300 வைத்தால் காட்சி நன்றாகத் தெரியும், முகம் மறுபடி சிறுத்துவிடும். முக அகலத்தில் பாதி முதல் முக்கால் பங்கு வரை பேடிங் வைத்துத் தொடங்குவது என் வழக்கம்.

## எங்கோ விழுந்த ஒரு புள்ளி

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சிலருக்கு முகம் குழைந்தே வரும். ஒருவர் ஸ்ட்ரெங்தையும் பிராம்ப்டையும் மாற்றி மாற்றி ஒரு மாலை முழுக்கப் போராடினார். மாஸ்கை ஜூம் செய்து பார்த்தபோது படத்தின் கீழ் மூலையில் பிரஷ் தவறுதலாகப் பட்ட ஒரு சின்னப் புள்ளி இருந்தது. மாஸ்கின் செவ்வகம் அந்தப் புள்ளியையும் சேர்த்துத்தான் கணக்காகும். முகத்தை மட்டும் வெட்டுவதாக அவர் நினைத்தார். மாடலுக்குப் போனது கிட்டத்தட்ட முழுப் படம். இரண்டு முகங்களை ஒரே மாஸ்கில் வரைந்தாலும் இதே கதைதான். ஒவ்வொன்றாக ஓட்டுங்கள்.

## ஒட்டவில்லை என்றதும் ஸ்ட்ரெங்தை ஏற்றுவது

ஸ்ட்ரெங்த் என்பது பழைய படத்தின் மேல் எவ்வளவு நாய்ஸ் ஏற்றித் தொடங்குவது என்பது. 30 ஸ்டெப், 0.5 என்றால் பொதுவாகக் கடைசி 15 ஸ்டெப் மட்டும் ஓடும். நாய்ஸ் அதிகமுள்ள முதல் ஸ்டெப்களில்தான் தலையின் சாய்வு, முகத்தின் பெரு வடிவம், வெளிச்சம் வரும் பக்கம் ஆகியவை முடிவாகின்றன. தோலின் நயமும் இமை முடியும் கடைசியில் வருபவை. முகம் மாற்றும்போது நமக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது: கண், மூக்கு, உதடு மாற வேண்டும், சாய்வும் வெளிச்சமும் பழைய படத்திலிருந்தே வர வேண்டும்.

சன்னலோரப் படத்தில் சீட் எண்ணை மாற்றாமல் ஸ்ட்ரெங்தை மட்டும் மாற்றிப் பார்த்தோம். 0.35-இல் பழைய முகமே கொஞ்சம் மெருகேறி நின்றது. 0.5-க்கும் 0.6-க்கும் இடையே ஆள் மாறினார், பார்வை அதே திசையில் இருந்தது. 0.8-இல் கண்கள் நேராகக் கேமராவைப் பார்த்தன, நிழல் இடவலம் மாறியது, கன்னம் மாஸ்கின் ஓரத்தில் கத்தரித்தது போல் நின்றது. எண்கள் மாடலுக்கு மாடல் நகரும். இந்த வரிசை பெரும்பாலும் நகராது.

ஆகவே அறிகுறியைப் பார்த்து முடிவெடுங்கள். வெளிச்சமும் பார்வையும் தவறினால் ஸ்ட்ரெங்த் அதிகம். சாய்வெல்லாம் சரி, ஆனால் 0.6-இலும் பழைய ஆளே தெரிகிறார் என்றால் குற்றம் ஸ்ட்ரெங்தில் இல்லை. புது முகத்தைக் கொண்டுவரும் லோராவோ ஐபி-அடாப்டரோ பலம் குறைவாக ஓடுகிறது. அதன் எடையைக் கூட்டுங்கள்.

வட்ட முகத்தை நீள முகமாக்குவது போன்ற பெரிய மாற்றம் என்றால் ஒரே ஓட்டத்தில் சாதிக்கப் பார்க்காதீர்கள். முதலில் மாஸ்கைக் கழுத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் இறக்கி, 0.6-இல் வடிவத்தைக் கொண்டுவாருங்கள். அப்புறம் கண்ணிலிருந்து வாய்வரை சின்ன மாஸ்க், 0.35. முதல் ஓட்டம் எலும்புக்கு, இரண்டாவது சதைக்கு.

## ஓரத்தை மறைக்க மாஸ்க் பிளரை ஏற்றுவது

பிளர் மாஸ்கின் உள்ளேயும் வெளியேயும் பரவும். 140 பிக்சல் முகத்துக்கு 20 பிளர் வைத்தால், தாடையோரத்தில் பழையதும் புதியதும் பாதிப் பாதி கலந்து இரட்டைத் தாடைக் கோடு தெரியும். பிளரைத் தொடும் முன் மாஸ்கின் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். புருவத்துக்கு நடுவே, உதட்டோரத்தில், முடிக்கற்றையின் குறுக்கே போனால் எந்தப் பிளரும் காப்பாற்றாது. நெற்றியின் வெறுந்தோலிலும் தாடைக்கடியில் உள்ள நிழலிலும் கோட்டை விடுங்கள்.

## முழுக் காட்சிக்கு எழுதிய பிராம்ப்ட்

"சன்னலோரம் நிற்கும் பெண்" என்று எழுதினால், அதிக ஸ்ட்ரெங்தில் முகத்துக்குள்ளேயே ஒரு சின்னப் பெண் முளைப்பாள். வெட்டில் தெரிவதை மட்டும் எழுதுங்கள்.

## மாஸ்குக்கு வெளியே எதுவும் மாறவில்லை என்று நம்பிவிடுவது

படத்தை லேட்டன்டாக்கித் திரும்பப் பிக்சலாக்கும் VAE வழியாகப் போய் வந்த படம் எங்கும் துளித்துளி மாறியிருக்கும். சின்ன எழுத்து, துணியின் நெசவு, தூரத்து முகங்கள் ஆகியவற்றில் முதலில் தெரியும். AUTOMATIC1111 மாஸ்குக்கு வெளியே பழைய பிக்சல்களையே திரும்ப ஒட்டிவிடுகிறது. ComfyUI-இல் டீகோட் செய்து வந்ததை அப்படியே சேமித்தால் அந்த ஒட்டுதல் நடக்காது. ImageCompositeMasked நோடைக் கடைசியில் வைத்து நீங்களே ஒட்ட வேண்டும். ஒட்டாமல் அடுத்தடுத்த ஓட்டங்களுக்கு அதே படத்தைக் கொடுத்தால் சிதைவு சேர்ந்துகொண்டே போகும்.

சோதிப்பது எளிது. படத் திருத்தியில் பழையதையும் புதியதையும் மேல்மேலே வைத்து, மேல் லேயரை Difference ஆக்குங்கள். பிறகு லெவல்ஸை நன்றாக ஏற்றுங்கள். முகமும் மாஸ்கின் ஓரமும் தவிர எல்லாம் கறுப்பாக இருக்க வேண்டும். படம் முழுக்க மெல்லிய பொடி தெரிந்தால் ஒட்டுதல் நடக்கவில்லை. PNG-யில் சேமித்துவிட்டுச் சோதியுங்கள், JPEG தன் பங்குக்கு ஒரு பொடியைத் தூவிவிடும்.

## ComfyUI-இல் சாம்பல் திட்டு

VAE Encode நோடின் இன்பெயின்டிங் வடிவம் மாஸ்க் பகுதியைச் சாம்பலாக்கிவிட்டுத்தான் என்கோட் செய்கிறது, அது 1.0 ஸ்ட்ரெங்துக்கானது; குறைத்தால் அந்தச் சாம்பல் திட்டாக மிஞ்சும். 0.5 வேண்டுமென்றால் Set Latent Noise Mask நோடைப் பயன்படுத்துங்கள்.

## சம்மதம் தராதவரின் முகம்

தொடாதீர்கள்.