x போனால் x-இன் எல்லையும் போகணும்: மாறியை மாற்றும் லிமிட் கணக்குகளில் நடக்கும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் மொட்டை மாடியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். லிமிட் பாடம் வந்தால் எல்லாருக்கும் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்:

lim (x→1) (∛x − 1)/(x − 1)

x = 1 என்று நேராகப் போட்டால் 0/0. அதனால் ∛x = t என்று வைக்கிறோம். அப்போது x = t³. கீழே இருக்கும் t³ − 1 என்பது (t − 1)(t² + t + 1). மேலேயும் கீழேயும் t − 1 அடிபட்டு, மிச்சம் 1/(t² + t + 1). t = 1 போட்டால் விடை 1/3. எல்லாருக்கும் சரியாக வந்துவிடும்.

வினையே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 1-இன் கனமூலம் 1. x எங்கே போகிறதோ, t-யும் அங்கேயே போகிறது. அதனால் "lim (x→1)" என்பதில் x-ஐ மட்டும் அழித்துவிட்டு t என்று எழுதுகிறவனுக்கும், t எங்கே போகும் என்று யோசித்து எழுதுகிறவனுக்கும் ஒரே விடைதான் வரும். தப்பு உள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

போன வாரம் 1-ஐ எடுத்துவிட்டு 8-ஐ வைத்தேன்: x→8 ஆகும்போது (∛x − 2)/(x − 8). காசிமேட்டிலிருந்து வரும் பையன் ஒருவன் கைவேகக்காரன். x = t³ என்று வைத்து, 1/(t² + 2t + 4) வரை பிசகாமல் வந்துவிட்டான். கடைசியில் t = 8 போட்டு 1/84 என்று எழுதினான்.

"இன்னா சார், படி எல்லாம் கரெக்டாத்தானே இருக்கு?"

"x எட்டுக்குப் போனா t எங்கடா போகும்?"

கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தான். "ரெண்டுக்கு சார்."

t = 2 என்றால் 4 + 4 + 4, விடை 1/12. நம்பாதவர்கள் ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். t = 2.01 என்று எடுத்தால் x = 8.120601. 0.01-ஐ 0.120601-ஆல் வகுத்தால் சுமார் 0.083 வரும். 1/12-ம் அதுதான், 1/84 சுமார் 0.012, கிட்டக்கூட வராது. அன்றிலிருந்து t = … என்று எழுதியதுமே அடுத்த வரியில் "x→8 எனில் t→2" என்று தனியாக எழுதச் சொல்கிறேன்.

கனமூலத்தோடு வர்க்கமூலமும் சேர்ந்து வந்தால், அதாவது x→1 ஆகும்போது (∛x − 1)/(√x − 1) மாதிரி, x = t³ போதாது; கீழே மூலம் அப்படியே நிற்கும். x = t⁶ என்று வைத்தால் (t² − 1)/(t³ − 1) ஆகி, விடை 2/3.

அதே தப்பு முடிவிலியில் வேறு வேஷத்தில் வரும்:

lim (x→∞) x(π/2 − tan⁻¹x)

x முடிவிலிக்குப் போக, அடைப்புக்குறி 0-க்குப் போகிறது. "பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்" என்று பாதிப் பேர் 0 எழுதிவிடுவார்கள். முடிவிலி ஓர் எண் இல்லை, அதனால் அந்த விதி இங்கே செல்லாது. அடைப்புக்குறி முழுவதையும் t என்று வையுங்கள். tan⁻¹x = π/2 − t, ஆகவே x = tan(π/2 − t) = cot t. இப்போது t முடிவிலிக்குப் போவதில்லை, 0-க்குப் போகிறது, அதுவும் நேர்க்குறிப் பக்கத்திலிருந்து. கணக்கு t cot t, அதாவது t/tan t. விடை 1.

இதை போன் கால்குலேட்டரில் சரிபார்க்கப் போன ஒரு பெண், "சார், எனக்கு 57 வருது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். x = 1000 போட்டிருக்கிறாள். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது, tan⁻¹ 89.9427 காட்டுகிறது. 90-லிருந்து கழித்து 1000-ஆல் பெருக்கினால் 57.3. அவள் போட்டதில் கூட்டல், கழித்தல் பிழை எதுவும் இல்லை. 57.3 என்பது 180/π, ஒரு ரேடியனுக்கு அத்தனை டிகிரி. t/tan t ஒன்றுக்குப் போவது t ரேடியனில் இருந்தால் மட்டும்தான். ரேடியனுக்கு மாற்றினால் அதே 1000-க்கு 0.9999997 வருகிறது. விடை 57 பக்கம் வந்தால் கணக்கை அழிக்காதீர்கள், முதலில் திரையில் DEG இருக்கிறதா என்று பாருங்கள்.

இதே கணக்கில் x→−∞ என்று கேட்டால், மேலே போட்டதைப் பார்த்து −1 என்று எழுதுகிறவர்கள் உண்டு. அங்கே tan⁻¹x போவது −π/2-க்கு. அடைப்புக்குறி 0 ஆகாது, π-க்குப் போகும். t-யும் 0-க்குப் போகாமல் π-க்குப் போகும். சுமார் 3.14-ஐ எதிர்க்குறியில் பெரிதாகிக்கொண்டே போகும் x-ஆல் பெருக்குகிறோம். விடை −∞. 0 × ∞ என்ற சிக்கலே அங்கே இல்லை, அதனால் மாறியை மாற்றவும் வேண்டாம்.